வரம்பில் நிற்கும் கேள்விகள்: நெல் பொட்டைப் பழக்கிய கதை

பெரும்போக விதைப்பு நடக்கும்போது பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலை இது. டெலிகிராமில் ஒரு பொட், நெல் பற்றி மட்டும் பதில் சொல்லும். பின்னால் ஓடுவது காசு கட்டிப் பாவிக்கும் ஒரு மொழி மொடல், முன்னால் நான் பைத்தனில் எழுதிய இருநூறு வரி, அவ்வளவுதான். விவசாயத் திணைக்களத் துண்டுப்பிரசுரங்களில் இருந்த விபரங்களைக் குறிப்பாகக் கொடுத்திருந்தேன், நெல் பற்றிய பதில்கள் பரவாயில்லை. முரசுமோட்டைப் பக்கம் வயல் செய்கிற சொந்தக்காரர், அயலவர் என்று பதினைந்து பேரளவில் பாவிக்கிறார்கள். நான் இடறியது வேறு இடத்தில்: நெல் அல்லாத கேள்வி வந்தால் எப்படித் திருப்புவது?

முதல் அறிவுறுத்தலில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தேன். நெல் பற்றி மட்டும் பதில் சொல், மற்றதை மறுத்துவிடு. நான்கு நாள் கழித்து மாமா போன் எடுத்தார். "தம்பி, உன்ர பெட்டி என்னைப் படலையிலயே வைச்சுத் திருப்பி அனுப்புது." போய்ப் பதிவைத் திறந்து பார்த்தேன். மனுசன் இரண்டாம் யூரியா பற்றிக் கேட்டு நல்ல பதில் வாங்கியிருக்கிறார். அந்தத் துணிவில், மகளின் உயர்தரப் பரீட்சை முடிவுக்கு மீள்பரிசீலனை எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறார். வந்த பதில் இது:

```
மன்னிக்கவும், நான் நெல் தொடர்பான
கேள்விகளுக்கு மட்டுமே பதிலளிக்க முடியும்.
வேறு ஏதேனும் உதவி தேவையா?
```

அவர் கேள்வியை வேறு மாதிரி எழுதிப் பார்த்திருக்கிறார், அதே பதில். மூன்றாம் தரமும் எழுத்துக்கு எழுத்து அதே பதில். இதில் ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு: முந்தின உரையாடல் முழுவதும் ஒவ்வொரு தடவையும் மொடலுக்குப் போகிறது, அதில் தன் பழைய மறுப்பைப் பார்த்தால் அதையே அச்சடிக்கிறது. ஆனால் மாமாவுக்குச் சுட்டது திரும்பத் திரும்பச் சொன்னது மட்டும் இல்லை. அந்த மூன்று வரியில் மகளும் இல்லை, பரீட்சையும் இல்லை. கேட்டதைக் காதில் வாங்கியதற்கு ஒரு அடையாளமும் கிடையாது. கந்தோர் யன்னலில் தலை நிமிராமல் "அடுத்த ஆள்" என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. போதாததற்கு, உதவ மாட்டேன் என்ற கையோடு "வேறு ஏதேனும் உதவி தேவையா" என்று கேட்கிறது.

சரி, மென்மையாக்குவோம் என்று "பணிவாக மறு" என்று சேர்த்தேன். அது இன்னும் மோசம். மூன்று மன்னிப்பு, "உங்கள் கேள்வி மிக முக்கியமானது" என்று ஒரு வரி, கடைசியில் "அதுபற்றி எனக்குத் தெரியாது" என்று ஒரு பொய். தெரியாது என்பது பொய்தான், அந்த மொடலுக்கு மீள்பரிசீலனை பற்றி எல்லாம் தெரியும், நான்தான் சொல்லாதே என்று வைத்திருக்கிறேன். அந்த முதல் அறிவுறுத்தலை எழுதுமுன், கட்டுப்பாடு எதுவும் இல்லாதபோது இதே பொட் ஒருவருக்குக் கடவுச்சீட்டு எடுப்பது பற்றி விலாவாரியாகச் சொல்லியிருந்தது. அவர் இப்போது "அண்டைக்குச் சொன்னது, இண்டைக்குத் தெரியாதாம், மழுப்புது" என்றார். மழுப்புவதாகத் தெரிவது இப்படித்தான். "இந்த இடத்தை நெல்லுக்கு மட்டும் வைத்திருக்கிறோம்" என்று உள்ளதைச் சொன்னால் ஒருவரும் கோபிக்கவில்லை என்பதைப் பிறகு கண்டேன்.

ஆக, திருப்புகிற பதிலை இரண்டு வசனத்துக்குள் கட்டினேன். முதல் வசனத்தில் அவர் கேட்ட பொருளின் பெயர் வரவேண்டும், அதற்கு எங்கே போகலாம் என்பதும் இதற்கு இங்கே பதில் இல்லை என்பதும் வரவேண்டும். இரண்டாவதில் இதே உரையாடலில் அவர் பாதியில் விட்ட நெல் விஷயத்துக்குக் கூட்டிப் போகவேண்டும், அப்படி ஒன்று இல்லாவிட்டால் இரண்டாம் வசனமே வேண்டாம். மாமாவின் கேள்வியை மறுபடி போட்டபோது வந்தது:

```
மீள்பரிசீலனை பற்றிப் பரீட்சைத் திணைக்களத்தின்
1911 இல் கேட்கலாம்; இந்த இடத்தை நெல்லுக்கு
மட்டும் வைத்திருக்கிறோம். இரண்டாம் யூரியாவுக்கு
முன் வயலில் இப்போது எவ்வளவு தண்ணீர் நிற்கிறது?
```

மன்னிப்பு ஒன்றுகூட இல்லை, ஆனாலும் மரியாதை குறையவில்லை. கடைசியில் உள்ள கேள்விதான் வேலை செய்கிறது. "நெல் பற்றி ஏதாவது கேளுங்கள்" என்று பொதுவாக முடித்தபோது ஆட்கள் அப்படியே போய்விட்டார்கள், தண்ணீர் எவ்வளவு என்று கேட்டதும் மாமா "கணுக்கால் அளவு" என்று எழுதினார்.

எங்கே போகலாம் என்று சொல்லச் சொன்னதில் ஒரு பொறி இருந்தது. மொடல் தொலைபேசி இலக்கங்களைத் தானாகவே உண்டாக்கியது. பார்த்தால் உண்மை போலவே இருக்கும், எடுத்தால் யாரோ ஒரு வீட்டுக்காரர். இப்போது அறிவுறுத்தலிலேயே நான் சரிபார்த்த சின்னப் பட்டியல் ஒன்று இருக்கிறது: விவசாய ஆலோசனைக்கு 1920, அம்புலன்ஸுக்கு 1990, பரீட்சைக்கு 1911, மனநல உதவிக்கு 1926. இதில் இல்லாத இலக்கம் எதையும் எழுதாதே, இடத்தின் பெயரை மட்டும் சொல் என்று ஒரு கட்டளை. பொட் என்னதான் நல்ல தமிழ் பேசினாலும் பிழையான இலக்கம் ஒன்று கொடுத்தால் அந்த ஆள் திரும்ப வரமாட்டார்.

அடுத்த பிரச்சினை நேர் எதிரானது. நாற்பது கேள்வி எழுதி எக்செல் தாளில் போட்டு, அறிவுறுத்தலை மாற்றும் ஒவ்வொரு முறையும் அத்தனையையும் ஓட்டினேன். இருபத்தைந்து நெல் சம்பந்தமானது, பதினைந்து வெளியே. இரண்டு பிழையைத் தனித்தனியாக எண்ணவேண்டும்: திருப்பவேண்டியதற்குப் பதில் சொன்னது, பதில் சொல்லவேண்டியதைத் திருப்பியது. முதலாவது பூச்சியமாக வந்தபோது துள்ளினேன். பிறகு பார்த்தால் இரண்டாவது ஏழு! லாண்ட்மாஸ்டர் வாடகை, யானை வயலுக்குள் இறங்கியது, தண்ணீர் பம்பி இழுக்காதது, நெல் காயப்போடும் இடம் எல்லாம் "நெல் அல்ல" என்று திரும்பியிருந்தன. வயல் செய்கிற ஆளுக்கு அதெல்லாம் நெல்தான். நெல் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றது என் பிழை.

அதனால் பதிலுக்கு முன் ஒரு சின்னத் தரம்பிரிப்பு வைத்தேன். மொடலுக்கு ஒரு தனி அழைப்பு, விடை தடவைக்குத் தடவை அதிகம் மாறாதிருக்க `temperature` 0, ஒரு சொல் மட்டும் திருப்பித் தரும்:

```
வயல்: பயிர், மண், தண்ணீர், பூச்சி, அறுவடை
வரம்பு: நெல் செய்யும் ஆளுக்கு வயலால் வந்த
        சிக்கல் (இயந்திரம், யானை, விலை, கடன்)
வெளி: வயலோடு தொடர்பில்லாதது
அவசரம்: உயிர், உடல், மனம் ஆபத்தில்
சந்தேகம் என்றால் வரம்பு.
```

கடைசி வரிதான் எல்லாவற்றிலும் பெறுமதி. வரம்பு என்று வந்தால் தெரிந்த அளவுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லி, மிச்சத்துக்குக் கமநல சேவை நிலையத்தையோ விவசாயப் போதனாசிரியரையோ காட்டும். ஏழு இரண்டானது. அந்த இரண்டும் ஏன் விழுந்தன என்று கண்டுபிடிக்க ஒரு பின்னேரம் போனது. "அது ஏக்கருக்கு எவ்வளவு?" என்ற தொடர்கேள்வியைத் தனியாக வாசித்தால் எதைப் பற்றியது என்று யாருக்கும் தெரியாது, தரம்பிரிக்கும் அழைப்புக்கு நான் கடைசி வசனத்தை மட்டும் அனுப்பியிருந்தேன். முந்தின நான்கு வசனத்தையும் சேர்த்து அனுப்பியதும் சரியாகிவிட்டது. உங்கள் பொட் நடுவில் திடீரென்று முகம் திருப்பினால் முதலில் இதைப் பாருங்கள்.

இரண்டு கேள்வி ஒன்றாக வருவதும் உண்டு, நம்மாட்கள் ஒரு மூச்சில் எழுதுவார்கள். கபிலநிறத் தத்திப் பூச்சிக்கு என்ன செய்வது, அப்புறம் வவுனியாவுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு. ஒரு சொல் மட்டும் தரச்சொன்னதால் முழுச்செய்தியும் "வெளி" ஆனது. இப்போது, எந்தப் பகுதியாவது வயல் என்றால் முழுதும் வயல். தத்திக்குப் பதில் முதலில் வரும், பஸ்ஸுக்கு ஒரு வரி கடைசியில். மாற்றி வைத்துப் பார்த்தேன், முதலில் இல்லை என்று தொடங்கினால் கீழே இருக்கும் நல்ல பதிலை வாசிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

அக்காதான் எனக்குக் கண் திறந்தவள். இன்னும் பத்துக் கேள்வி எழுதித் தா என்றேன், அதில் ஒன்று: "பயிர் முழுக்கத் தண்ணிக்குள்ள. கடன் வேற. இனி இருந்து என்ன." பொட் இதை "வயல்" என்று பிரித்து, வடிகால் வெட்டும் முறையைச் சொன்னது. தலைப்பை விட்டு ஒரு அங்குலம் விலகவில்லை, நான் சொன்னபடியே நடந்தது. அந்தப் பதிலை வாசித்துவிட்டு அன்றிரவு வேறு வேலை செய்ய மனம் வரவில்லை. அவசரம் என்ற தட்டு அதற்குப் பிறகு வந்ததுதான். அது மற்றது எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்கப்படும். மருந்து அடித்தவருக்குத் தலைசுற்று, பாம்பு கடித்தது என்றால் முதல் வரி 1990. இப்படியான மனக்கவலை என்றால் அதை நேராகக் கேட்டு 1926 ஐக் கொடுக்கும், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கும். நெல்லுக்குத் திருப்புகிற வசனம் இந்தத் தட்டில் முழுக்கத் தடை. எனக்கும் அந்தச் செய்தி உடனே வரும்படி வைத்திருக்கிறேன், பதினைந்து பேர் என்பதால் முடிகிறது. இப்படி வைத்திருப்பதை அவர்களுக்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

இன்னொரு சின்ன விஷயம். "சாப்பிட்டியா தம்பி" என்று பொட்டிடம் கேட்கிற பெரியம்மா ஒருவர் இருக்கிறார். இதையும் "வெளி" என்று திருப்பினால் அடிக்க வருவார். வணக்கம், நன்றி, சுகம் விசாரிப்பு எல்லாவற்றுக்கும் ஒரு வரி இயல்பாகப் பதில் சொல் என்று விட்டேன். ஐயா, அம்மா என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்தினேன், ஆணா பெண்ணா என்று தெரியாமல் அது செய்த கூத்து போதும். எல்லோருக்கும் "நீங்கள்".

மாதிரிப் பதில் ஐந்து கொடுத்திருந்தேன், ஐந்தும் "பற்றி … இல் கேட்கலாம்" என்றே முடிந்ததால் எல்லாத் திருப்பலும் ஒரே அச்சாக வந்தன. மூன்றை வேறு வேறு கட்டில் எழுதி, ஒன்றைக் கேள்வியோடேயே தொடங்கவிட்டேன். கொஞ்சம் தேவலை. தரம்பிரிக்கும் அழைப்பால் பதில் ஒன்றிரண்டு வினாடி பிந்துகிறது, சிக்னல் இழுக்காத இடங்களில் அது தெரிகிறது.

இப்போதைய கணக்கு: ஐம்பது கேள்வியில் தவறாகத் திருப்பியது ஒன்று, திருப்பாமல் விட்டது மூன்று. மூன்றும் விலை பற்றியது. நெல் விலை ஏன் விழுகிறது என்பது வரம்பு, அதற்கு எந்தக் கட்சி காரணம் என்பது வெளி. ஒரே வசனத்தில் இரண்டும் வரும்போது பொட் அரசியல் பேசத் தொடங்கிவிடுகிறது. மாமா நேற்று அனுப்பிய புதுக் கேள்வி ஒன்றும் திரும்பிவிட்டது: வயலில் விடுகிற தாராக்களுக்குக் கால் வீங்குதாம். நான் "வரம்பு" என்கிறேன், அக்கா "வெளி, மிருக வைத்தியரிட்ட அனுப்பு" என்கிறாள்.