பேக்கரிக்கு மாதாந்திர சோஷியல் மீடியா பேக்கேஜ்: ஒரு பக்கக் கடிதம் தேறிய கதை

ஒரு பேக்கரியின் சோஷியல் மீடியா வேலையைக் கேட்டு எழுதிய கடிதத்தின் முதல் வரைவில் "மாதம் 12 போஸ்ட், ஒரே கட்டணம்" என்று மட்டும்தான் இருந்தது. படிக்க நன்றாக இருக்கும். இரண்டாம் மாதமே சிக்கல் வரும். போஸ்ட் என்றால் போட்டோவா, ரீல்ஸா? வேலை நேரம் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்குக்கு மேல் மாறுகிறதே. அதனால் 8 போட்டோ, 4 ரீல்ஸ் என்று பிரித்து, கட்டணம் போடும் முன் மணிக்கணக்கு போட்டது நல்லதாயிற்று.

கடையில் ஒரு காலை படம் எடுக்க 3 மணி நேரம். ரீல்ஸ் ஒன்றுக்கு ஒன்றரை மணி, நான்குக்கு 6. போட்டோ ஒன்றுக்கு 40 நிமிடம், எட்டுக்கு 5 மணி 20 நிமிடம். திட்டமிட 2 மணி. மொத்தம் 16 மணி 20 நிமிடம். பிறகுதான் இன்பாக்ஸ் நினைவுக்கு வந்தது: தினம் 20 நிமிடம், 26 நாளுக்கு 8 மணி 40 நிமிடம். மொத்தம் 25 மணி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பதில் சொல்லவே போகிறது! அதுவும் "நாளைக்கு முட்டை இல்லாத ஒரு கிலோ கேக் கிடைக்குமா?" என்ற கேள்விக்குப் பதில் கடைக்காரருக்கு மட்டுமே தெரியும். ஆகவே கடிதத்தில் இந்த வரி சேர்ந்தது:

"ஆர்டர், விலை, இருப்பு பற்றிய மெசேஜ்களுக்குக் கடையே பதில் தரும். கடை நேரம், முகவரி போன்ற பொதுவான கேள்விகளுக்கு நான் பதில் தருவேன்."

படம் எடுக்கும் நாளையும் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். ரொட்டி அடுப்பிலிருந்து வந்த கையோடு, கவுன்டரில் கூட்டம் சேரும் முன், ஜன்னல் வெளிச்சத்தில் எடுப்பதுதான் சரி. கிரீம் கேக் சூடான லைட்டுக்கு அடியில் சிறிது நேரத்திலேயே தளர்ந்துவிடும். "அன்று ஒரு டிரே விற்காமல் தனியே வையுங்கள்" என்று எழுதாவிட்டால், போய் நிற்கும்போது மிச்சம் உடைந்த பன்தான்.

அடுத்த தலைவலி ஒப்புதல். மாவுக் கையோடு இருப்பவர் வாட்ஸ்அப் பார்க்க மாட்டார், போஸ்ட் தேங்கும். வியாழன் அனுப்பும் போஸ்ட்டுகளுக்குச் சனி மாலைக்குள் பதில் வராவிட்டால் ஒப்புதலாகக் கொள்ளப்படும் என்று எழுதலாம். விலையும் தள்ளுபடியும் உள்ள போஸ்ட்டுக்கு மட்டும் இது பொருந்தாது என்றும் சேர்க்க வேண்டும். தவறான விலை வெளியானால் கவுன்டரில் சண்டை அவருக்குத்தான். திருத்தம் ஒரு சுற்று. அதற்கு மேல் தனிக் கட்டணம்.

விளம்பரச் செலவு கட்டணத்தில் சேராது, கடையின் கார்டிலிருந்தே நேரடியாகப் போகும். கணக்கு கடையின் பெயரில், கடை மெயிலில் இருக்கும். பாஸ்வேர்டு கேட்காமல் அனுமதி மட்டும் வாங்கிக்கொள்ளலாம். குறைந்தது 3 மாதம், பிறகு 30 நாள் முன்னறிவிப்பு, பணம் மாதத் தொடக்கத்தில்.

கடைசியாக மாற்றியது முதல் பத்தியை. சுய அறிமுகத்தை எடுத்துவிட்டு, "உங்கள் இன்ஸ்டாகிராமில் மூடும் நேரம் 8 என்றிருக்கிறது, கடைப் பலகையில் 9" என்று ஆரம்பித்தாயிற்று. தகுதிகளெல்லாம் கையெழுத்துக்கு மேலே இரண்டே வரியில் அடங்கிவிட்டன.