நெஞ்சு படபடக்காமலே சீனி இறங்கியது

இன்சுலின் போடத் தொடங்கிய காலத்திலிருந்தே, சீனி இறங்கினால் என் உடம்பு எனக்கு முதலில் சொல்லிவிடும். நெஞ்சு படபடவென்று அடிக்கும், விரல்கள் நடுங்கும், உள்ளுக்குள் காரணமில்லாத ஒரு பதகளிப்பு வரும். குத்திப் பார்த்தால் 65, 68 என்று நிற்கும். உடனே சீனித் தண்ணீர் குடிப்பேன், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். எத்தனையோ தடவை இப்படித்தான் தப்பியிருக்கிறேன். அதனால்தான் இந்தப் படபடப்பும் நடுக்கமும் ஒரு குளிசையால் காணாமல் போகும் என்பதை இன்சுலின் போடுகிற எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஒற்றைத் தலையிடி நெடுநாளாக உண்டு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திருகோணமலை வெயிலோடு சேர்ந்து அது வந்தால் ஒரு பக்கக் கண்ணைத் திறக்க முடியாது. படிப்பிக்கிறவள் என்பதால் இருட்டறையில் படுத்திருக்கவும் வழியில்லை. ஒரு தனியார் வைத்தியரிடம் காட்டினேன், தலையிடி வராமல் தடுக்க என்று புரொப்பிரனலோல் 40 மில்லிகிராம், காலையும் இரவும் எழுதித் தந்தார். தலையிடிக்கு அது நல்ல மருந்துதான், எனக்கும் குறைந்தது. ஆனால் அது பீட்டா புளொக்கர் என்ற வகையைச் சேர்ந்தது என்றோ, இன்சுலின் போடுகிறவர் அதை எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்றோ அந்த இடத்தில் யாரும் சொல்லவில்லை. இன்சுலின் கிளினிக் கொப்பியில் இருக்கிறது, தலையிடிக் குளிசை வேறொரு துண்டில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவரும் இல்லை. எங்கள் பக்கம் பலருக்கும் இதுதான் நிலைமை.

நான் போடுவது மிக்ஸ்டார்ட், காலையில் 20 யூனிட், இரவுச் சாப்பாட்டுக்கு முன் 14. இந்தக் கலவை இன்சுலினில் மெதுவாக வேலை செய்கிற பகுதியும் இருக்கிறது. காலையில் போட்டால் மத்தியானம் நெருங்கும்போது அதன் வேகம் கூடும். அன்று பள்ளிக்கூடம் விட்ட பிறகும் ஆசிரியர் கூட்டம் இழுத்துக்கொண்டே போனது, சாப்பாடு பிந்தியது. கூட்டம் நடக்க நடக்கவே பரீட்சைப் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். 37உம் 45உம் எவ்வளவு என்று விடை வரவில்லை. திரும்பத் திரும்ப அதே வரியில் பேனையை வைத்தபடி இருந்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த ரீச்சர் "என்ன ரீச்சர், முகம் ஒரு மாதிரி இருக்கு, சாப்பிட்டனீங்களா?" என்று கேட்க, எனக்குக் கோபம்தான் வந்தது. ஏதோ சுள்ளென்று சொன்னேனாம், சொற்களும் குழறியதாம். நெஞ்சு அடிக்கவில்லை, கை நடுங்கவில்லை. கழுத்துக்குப் பின்னால் சட்டை மட்டும் நனைந்து ஒட்டியிருந்தது. யூன் மாதத்தில் இங்கே அதைக் கண்டு யார் பயப்படுவார்கள்?

நல்ல காலம், அந்த ரீச்சருக்கும் நீரிழிவு, கைப்பையில் குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர். குத்திப் பார்த்தார், 46. நாடியைப் பிடித்துப் பார்த்தவர் "நாடி சும்மா 64தான் அடிக்குது, எனக்கென்றால் இந்நேரம் நெஞ்சு வெளியில வந்திருக்கும்" என்றார். பிறகு யோசித்தபோது, முழு விஷயமும் அந்த ஒரு வசனத்துக்குள் இருந்தது என்று பட்டது.

குவியலாக மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துத் தந்தார்கள். 15 நிமிடம் கழித்து 58, அவ்வளவுதான். முன்பெல்லாம் இதே அளவுக்கு எனக்கு 80ஐத் தாண்டியிருக்கும். திரும்பவும் சீனித் தண்ணீர், திரும்பவும் 15 நிமிடம், 84. அதற்குப் பிறகுதான் சோறு சாப்பிட விட்டார்கள். முதலே சோற்றையோ சொக்லேட்டையோ கொடுத்திருந்தால் இன்னும் பிந்தியிருக்கும், சோறு செமிக்க நேரம் எடுக்கும், கொழுப்பு இருந்தால் சீனி இரத்தத்தில் சேருவது மெதுவாகும்.

அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்காமல் போய் டொக்டரைக் கண்டேன். குளிசைத் துண்டைப் பார்த்ததுமே "இன்சுலினோட இதையும் எடுக்கிறீங்களா அம்மா?" என்று கேட்டுவிட்டு உட்காரச் சொன்னார். அவர் விளங்கப்படுத்தியதை என் பாஷையில் சொல்கிறேன். சீனி இறங்கும்போது உடம்பு அட்ரினலின் சுரக்கிறது. அது இதயத்தில் உள்ள பீட்டா ஏற்பிகளில் போய் ஒட்டும்போது படபடப்பு, தசைகளில் உள்ளவற்றில் ஒட்டும்போது நடுக்கம். புரொப்பிரனலோல் அந்த ஏற்பிகளை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. அட்ரினலின் வருகிறது, ஆனால் ஒட்ட இடமில்லை. ஈரல் சேமித்து வைத்த சீனியை அவசரத்துக்கு வெளியே விடுவதற்கும் இதே வகை ஏற்பிகள் உதவுகின்றன, அதனால் மேலே ஏறுவதும் மெதுவாகலாம். எனக்கு 58இல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார், ஒரு தடவையை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

ஆனால் வியர்வையை இந்தக் குளிசை மறைக்காது. வியர்வைச் சுரப்பிகளுக்குப் போகிற நரம்பு அட்ரினலினால் வேலை செய்வதில்லை, அசற்றைல்கோலின் என்ற வேறொரு பொருளால் வேலை செய்கிறது. பீட்டா புளொக்கருக்கு அதில் கை வைக்க முடியாது. சிலருக்கு வியர்வை முன்பைவிடக் கூடவே வரும். ஆக எனக்கு மிஞ்சியிருந்த எச்சரிக்கை அது ஒன்றுதான், அதுவும் நாள் முழுக்க வியர்க்கிற ஒரு ஊரில், மாதவிடாய் நிற்கிற வயதில், திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிற ஒருத்திக்கு.

அதற்குப் பிறகு வியர்வையைப் பிரித்துப் பார்க்கப் பழகினேன். வெயில் வியர்வை உடம்பெல்லாம் வரும், தோல் சூடாக இருக்கும், ஃபானுக்குக் கீழே இருந்தால் காயும். மாதவிடாய்க் கொதிப்பு என்றால் நெஞ்சிலிருந்து முகத்துக்குச் சூடு ஏறும். சீனி இறங்குகிற வியர்வை எனக்கு நெற்றியிலும் மேலுதட்டிலும் பிடரியிலும் வருகிறது, தொட்டால் குளிர்ச்சி, ஃபான் சுற்றிக்கொண்டிருந்தாலும் நிற்காது. இது என் உடம்பின் கணக்கு, எல்லோருக்கும் இப்படியே இருக்கும் என்று சொல்ல மாட்டேன். நெடுநாள் நீரிழிவால் நரம்பு பாதித்தவர்களுக்கு வியர்வையே குறைந்துபோகலாம், அவர்கள் இதையும் நம்ப முடியாது. நானும் என் கணிப்பை நம்பி இருப்பதில்லை. சும்மா இருக்கும்போது வியர்த்தால், ஒரு சாதாரணக் கூட்டல் வராவிட்டால், காரணமில்லாமல் யாரோடும் எரிந்து விழுந்தால், உடனே விரலைக் குத்துகிறேன். மூளைக்குச் சீனி போதாமல் வருகிற இந்தத் தடுமாற்றத்தையும் குளிசை மறைப்பதில்லை. ஆனால் அது வருகிற நேரம் பெரும்பாலும் பிந்திய நேரம், அப்போது நமக்கே நம்மைத் தெரியாது. அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னும், ஸ்கூட்டி எடுக்க முன்னும், படுக்க முன்னும் அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். ஸ்ட்ரிப் விலை எனக்கும் பாரம்தான், ஆனால் இதில் மிச்சம் பிடிக்க முடியாது.

இரவு விஷயம் இன்னும் மோசம். டொக்டர் என் கணவரிடம்தான் கேட்டார், நான் நித்திரையில் எப்படி இருக்கிறேன் என்று. "கனவு கண்டு புலம்புறா டொக்டர், தலையணை நனைஞ்சு கிடக்கும்" என்றார் இவர். முன்பு இரவில் சீனி இறங்கினால் படபடப்பே என்னை எழுப்பிவிடும், இப்போது எழும்பாமல் கிடந்திருக்கிறேன். விடியக்காலை மூன்று மணிக்கு எழும்பிப் பார்க்கச் சொன்னார். பார்த்தால் 62, இன்னொரு இரவு 59. அந்த விடியல்களில் எனக்குத் தலையிடியும் இருந்தது. இரவில் சீனி இறங்கினால் காலையில் தலை இடிக்கும் என்பது எனக்குப் புதிது. குளிசை குடித்தும் விடியலில் மட்டும் ஏன் இடிக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்ததற்கு அப்போதுதான் விடை கிடைத்தது. இரவு இன்சுலினை 12 ஆகக் குறைத்துத் தந்தார். அதற்குப் பிறகு மூன்று மணிக்கு 90க்கு மேலே நின்றது, விடியற்காலைத் தலையிடியும் விட்டது.

எல்லாவற்றையும் குளிசையின் தலையில் போடவும் அவர் விடவில்லை. அடிக்கடி சீனி இறங்கினால் உடம்பே அதற்குப் பழகி எச்சரிக்கையைப் பிந்தித் தரத் தொடங்கும், பீட்டா புளொக்கர் எடுக்காதவர்களுக்கும் இது நடக்கும் என்றார். ஆகவே எனக்கு இரண்டு வேலை இருந்தது. இறக்கங்கள் வராமல் பார்ப்பது, குளிசையை மாற்றுவது.

குளிசையை அன்றே எறிந்துவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். கூடாது என்றார். திடீரென்று நிறுத்தினால் இதயம் முன்பைவிட வேகமாக அடிக்கத் தொடங்கலாம், நெஞ்சு நோ உள்ளவர்களுக்கு அது ஆபத்து. முதல் வாரம் 20, 20 ஆகவும், அடுத்த வாரம் ஒரு நேரம் மட்டுமாகவும் குறைத்து நிறுத்தினோம். தலையிடிக்கு அதற்குப் பதிலாக இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். வாய் காய்கிறது, காலையில் கொஞ்சம் நித்திரை தூக்கம், ஆனால் தலையிடி கட்டுக்குள் இருக்கிறது. புரொப்பிரனலோல் நின்ற பிறகு ஒரு நாள் மத்தியானம் கை நடுங்கியது, நெஞ்சு அடித்தது, குத்தினால் 67. அன்று அந்தப் படபடப்பைக் கண்டு நான் சந்தோஷப்பட்டேன் என்றால் நம்புவீர்களா?

என் அண்ணாவின் கதை வேறு. அவருக்கு மாரடைப்பு வந்தபின் பிசப்ரொலோல் கொடுத்திருக்கிறார்கள், இன்சுலினும் போடுகிறார். என் கதையைக் கேட்டதும் "அப்ப நானும் நிப்பாட்டட்டா?" என்றார். அதை மட்டும் செய்ய வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொன்னேன், டொக்டரிடமும் கூட்டிப்போனேன். பிசப்ரொலோல், அற்றெனலோல் போன்றவை பெரும்பாலும் இதயத்து ஏற்பிகளையே பிடிப்பவை. நடுக்கமும் ஈரலின் வேலையும் அவ்வளவு பாதிக்கப்படுவதில்லை, படபடப்பு மட்டும் மங்கும். அவருடைய இதயத்துக்கு அந்தக் குளிசை தேவை, நிறுத்துவதால் வருகிற ஆபத்து பெரிது. அவருக்கு மாற்றியது ஒன்றே ஒன்றுதான், சாப்பாட்டுக்கு முன்னும் படுக்க முன்னும் பார்ப்பது. அண்ணி இப்போது இரவில் அவருடைய பிடரியைத் தொட்டுப் பார்க்கிறா, குளிர்ந்து நனைந்திருந்தால் எழுப்பிக் குத்துகிறா. போன கிழமை அப்படி எழுப்பியபோது 61 இருந்ததாம். அந்த எண்ணை நேரத்தோடு கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறா, வருகிற கிளினிக்கில் இரவு இன்சுலினைப் பற்றிக் கேட்பதற்கு.