240 முறைப்பாடும் நல்லூர்த் தேரும்

2025 ஜூன் 2, திங்கள்

பின்னேரம் வேலை முடிந்து வந்து தேத்தண்ணி ஊற்றும்போது மின்னஞ்சல் வந்தது. கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் விற்கிற கொம்பனி. வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்கு மேலாளர் தேடுகிறார்கள். முதல் சுற்று தாண்டிவிட்டேனாம். 13ஆம் திகதி நேரில் போய், முதல் 90 நாளில் என்ன செய்வேன் என்று 20 நிமிடம் ஸ்லைட் போட்டுப் பேச வேண்டும். பிறகு கேள்விகள். வேலை ஜூலை 1 தொடங்கும்.

தங்கள் நிலைமையை நாலு வரியில் தந்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 40 முறைப்பாடு வருகிறது. முடிக்காமல் கிடப்பது 240. உதவிப் பிரிவில் 6 பேர். முதல் பதில் 4 மணித்தியாலத்துக்குள் போய்விடுகிறது. ஆனாலும் கடைக்காரர்கள் குறை சொல்கிறார்கள். இவ்வளவுதான்.

ஜூன் 4, புதன்

இரவு ஒரு மணி வரை இருந்து 14 ஸ்லைட் செய்தேன். என்னைப் பற்றி மூன்று, கொம்பனியைப் பற்றி இரண்டு (அவர்களிடமே அவர்களைப் பற்றிச் சொல்ல!), மிச்சத்தில் மூன்று மாதத்துக்கு மூன்று நிறம். "கற்றல், செயற்படுத்தல், வளர்த்தல்." கடைசி ஸ்லைடில் பெரிய எழுத்தில்: நிலுவை 240இலிருந்து 120 ஆகும்.

முன்பு என்னோடு வேலை செய்த அண்ணா ஒருவர் இப்போது கொழும்பில் இருக்கிறார். ஆட்களை இன்டர்வியூ செய்கிற இடத்தில் இருப்பவர். அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைத்தார்.

"தங்கச்சி, ஏன் 120?"

"பாதி எண்டா வடிவா இருக்கும் எண்டு…"

"அதைத்தான் கேக்கிறன். 100 எண்டு போட்டிருந்தா என்ன மாறியிருக்கும்?"

பதில் இல்லை. இன்னொன்றும் சொன்னார். கொம்பனியின் பெயரை மாற்றிவிட்டு இந்த ஸ்லைட்களை ஒரு பல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனாலும் பொருந்துமாம். கோபம் வந்தது. திறந்து பார்த்தேன், பொருந்தத்தான் செய்தது. 14இல் 11ஐ அழித்தேன்.

ஜூன் 6, வெள்ளி

அவர்கள் தந்த நாலு வரியையே வைத்துக் கணக்குப் பார்த்தேன். வரிசைகளுக்கு ஒரு பழைய விதி உண்டு. ஜோன் லிட்டில் என்பவர் 1961இல் நிறுவியது. உள்ளே நிற்பவர்களின் எண்ணிக்கையை, ஒரு நாளைக்கு வருபவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவர் சராசரியாக எத்தனை நாள் நிற்கிறார் என்று வரும். வருவதும் போவதும் ஏறக்குறைய சமமாக இருந்தால்தான் இது சரிவரும். வரிசை வேகமாக நீண்டுகொண்டே போனால் இந்தக் கணக்கை நம்ப முடியாது.

240ஐ 40ஆல் வகுத்தால் 6. ஒரு முறைப்பாடு முடிய சராசரியாக 6 வேலை நாள். கடைக்காரருக்கு "உங்கள் முறைப்பாடு கிடைத்தது" என்று 4 மணித்தியாலத்தில் பதில் போகிறது, பில் மெஷின் சரிவர ஒரு கிழமை ஆகிறது. அவர் குறை சொல்லாமல் என்ன செய்வார்?

பிறகு என்னுடைய 120ஐப் பார்த்தேன். முதல் மாதம் பார்க்கவும் படிக்கவும் போய்விடும். மிச்சம் 40 வேலை நாள் என்று வைத்தால், நாளுக்கு 40க்குப் பதில் 43 முடித்தால் போதும். ஆறு பேர். ஆளுக்கு அரை முறைப்பாடு கூட. இவ்வளவு லேசென்றால் இதுவரை ஏன் ஒருவரும் செய்யவில்லை? கிடப்பவை, வேகமாக வேலை செய்தால் முடிகிற சாதி இல்லைப் போல. இந்தக் கேள்வியைத்தான் ஸ்லைடில் போட வேண்டும் என்று தோன்றியது.

ஜூன் 8, ஞாயிறு

திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிற மாமா அந்த மென்பொருளைத்தான் பாவிக்கிறார். போய் ஒரு மணித்தியாலம் கல்லாவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன்.

அவருடைய பழைய பிரின்டர் 80 மில்லிமீற்றர் சுருள் போடுவது. அது பழுதாகி, மலிவாக 58 மில்லிமீற்றர் பிரின்டர் வாங்கியிருக்கிறார். மென்பொருளில் தாள் அகலம் 80இலேயே நிற்கிறது. பில்லின் வலது ஓரம் வெட்டுப்பட்டு, மருந்தின் பெயர் வருகிறது, விலை வருவதில்லை. ஐந்து நாளாக விலையைப் பேனாவால் எழுதிக் கொடுக்கிறார். உதவிப் பக்கத்தில் வழி இருக்கிறது, ஆங்கிலத்தில், ஏழாவது படியாக. நானே அமைப்புக்குள் போய் 58ஐத் தெரிவு செய்தேன். ஒரு நிமிடம் ஆகவில்லை.

"இவ்வளவுதானோ பிள்ளை?" என்றார். காசு வாங்க மறுத்ததால் ஒரு சோடா.

முதல் மாதத்தில் செய்து காட்டக்கூடிய சின்ன வேலை கிடைத்துவிட்டது: பிரின்டர் மாற்றினால் என்ன செய்வது என்று தமிழிலும் சிங்களத்திலும் படத்தோடு ஒரு பக்கம். ஆனால் ஸ்லைடில் "ஒரு கடையில் பார்த்தது" என்று மட்டும்தான் போட்டேன். ஒரு கடையை வைத்து எல்லாக் கடைக்கும் தீர்ப்புச் சொன்னால் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடுவேன்.

ஜூன் 10, செவ்வாய்

பொசன் போயா, விடுமுறை. கலண்டரை மேசையில் விரித்து வைத்து நாள் எண்ணினேன்.

ஜூலை 1 தொடங்கினால் 90ஆம் நாள் செப்டெம்பர் 28. சனி ஞாயிறு போக 64 நாள். போயாவும் பொது விடுமுறையும் கழித்தால் 61. அதோடு, 29ஆம் நாள் நல்லூர்க் கொடியேற்றம். 25 நாள் திருவிழா. தேர் 52ஆம் நாளில், தீர்த்தம் 53இல். அந்த இரண்டு நாளும் யாழ்ப்பாணத்தில் எந்த அலுவலகத்தில் ஆறு பேரும் இருப்பார்கள்? புதிய வேலைமுறை ஒன்றை அந்தக் கிழமையில் தொடங்குவதாக முதலில் போட்டிருந்தேன். தீர்த்தத்துக்கு அடுத்த திங்களுக்குத் தள்ளினேன்.

நடு ஸ்லைடும் இன்றுதான் உருவானது. முதல் இரண்டு கிழமையில் 240ஐயும் திகதி வாரியாக அடுக்கி, ஐந்துக்கு ஒன்றாக 48ஐ எடுத்து நானே இருந்து வாசிப்பேன். மூன்று குவியல்: எங்கள் கையில் இருப்பது, மென்பொருள் எழுதுபவர்களின் கையில் இருப்பது, கடைக்காரரின் பதிலுக்காகக் காத்திருப்பது. 48ஐ வைத்துச் சரியான வீதம் சொல்ல முடியாது, எது பெரிய குவியல் என்று தெரிந்துவிடும். முதலாவது பெரிதென்றால் பயிற்சியும் உதவிப் பக்கங்களும். இரண்டாவதென்றால் கிழமைக்கு அரை மணித்தியாலம் எழுதுபவர்களோடு இருந்து, சத்தம் போடுகிற கடையை விட்டு, எத்தனை கடைக்குப் பாதிப்பு என்று பார்த்து வரிசைப்படுத்துவது. மூன்றாவதென்றால் இரண்டு நினைவூட்டல், ஏழு நாளில் பதில் இல்லாவிட்டால் மூடுவது. எந்த வழி என்பதை 30ஆம் நாள் சொல்வேன். இலக்கு எண்ணும் அன்றைக்குத்தான்.

ஜூன் 12, வியாழன்

எட்டு ஸ்லைட். அம்மாவைக் கதிரையில் இருத்திப் பேசிப் பார்த்தேன். 27 நிமிடம். "நீ மூச்சு விட்டனியோ?" என்றார். என்னைப் பற்றிய ஸ்லைடும் போயிற்று. அதுதான் விண்ணப்பத்தில் இருக்கிறதே. ஏழு ஸ்லைட், 19 நிமிடம்.

தம்பியின் லப்டொப்பில் திறந்தால் மாமாவின் பில்லைப் போட்ட ஸ்லைடில் தமிழ் எழுத்தெல்லாம் பெட்டி பெட்டியாக நின்றது. என் எழுத்துரு அவனிடம் இல்லை. பிடிஎஃப் ஆக மாற்றி வைத்தேன், எழுத்துருவும் அதற்குள்ளேயே போய்விடும்.

ஜூன் 13, வெள்ளி

மூன்று பேர் இருந்தார்கள். முகாமையாளர், மென்பொருள் எழுதும் பிரிவின் தலைவர், ஆளணிப் பிரிவு அக்கா ஒருவர். 6 நாள் என்ற ஸ்லைட் வந்ததும் தலைவர் கையை உயர்த்தினார்.

"எங்கட ரிப்போர்ட்டில சராசரி 2 நாள் எண்டு இருக்கு. உங்கட கணக்கு பிழை."

வாய் உலர்ந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க வழி உண்டா என்று யோசித்தேன். "அது முடிஞ்ச முறைப்பாடுகளின்ர சராசரியோ, சேர்?" என்றேன்.

"ஓம், முடிஞ்சதுதான். முடியாததை எப்பிடிச் சராசரி எடுக்கிறது?"

எழும்பிப் போய் வெள்ளைப் பலகையில் எழுதினேன். நாளுக்கு 40, ஒரு முறைப்பாட்டுக்கு 2 நாள் என்றால் எந்த நேரமும் கையில் நிற்க வேண்டியது 80. ஆனால் நிற்பது 240. அப்படியென்றால் மிச்சம் 160 அசையாமல் கிடக்கிறது. அவை முடிவதே இல்லை என்பதால் ரிப்போர்ட்டின் சராசரிக்குள் வருவதும் இல்லை. நாளுக்கு ஒன்று இப்படி மாட்டுப்பட்டாலே காணும், நாளடைவில் இவ்வளவு சேர்ந்துவிடும்.

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு முகாமையாளர் தலைவரைப் பார்த்துச் சிரித்தார். "அந்த 160 ஆரின்ர கையில எண்டு எனக்குத் தெரியும்" என்றார். தலைவர் சிரிக்கவில்லை. அவருக்குக் குற்றம் சாட்டியது மாதிரி ஆகிவிடக் கூடாதென்று, அது கடைக்காரரின் பதிலுக்காகக் கிடப்பதாகவும் இருக்கலாம், 48ஐ வாசிக்காமல் சொல்ல மாட்டேன் என்றேன். அப்போதுதான் அவர் முன்னுக்குச் சாய்ந்து நடு ஸ்லைடைத் திரும்பப் போடச் சொன்னார். மிச்ச நேரம் அதிலேயே போனது. அழகாகச் செய்து வைத்திருந்த கடைசி இரண்டு ஸ்லைடைக் காட்டவே இல்லை.

ஜூன் 19, வியாழன்

மத்தியானம் ஆளணிப் பிரிவு அக்கா அழைத்தார். எடுத்துவிட்டார்கள். சம்பளம் சொன்னார், சரி என்றேன். அப்புறம் கேட்டார்:

"இப்ப இருக்கிற இடத்தில எவ்வளவு காலம் நோட்டீஸ் குடுக்கோணும்?"

ஒரு மாதம். கொடியேற்றம், தீர்த்தம், போயா எல்லாம் எண்ணினேன், இதை எண்ணவில்லை. அந்த அக்காவும் சிரித்துவிட்டு, ஓகஸ்ட் 1 வாருங்கள் என்றார்.

இரவு கலண்டரை மறுபடி விரித்தேன். முதல் நாளே நான்காம் திருவிழா. தேர் 21ஆம் நாளில் வருகிறது, 48ஐ வாசித்துவிட்டு எந்த வழி என்று முடிவெடுக்க வேண்டிய நேரத்தில். 30ஆம் நாள் ஒரு சனிக்கிழமை. தீபாவளி 81இல். புதிய கோப்பொன்று திறந்து திகதிகளை முதலிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறேன்.