பாலை நிறுத்தச் சொன்னார்கள், கீரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை

சிறுநீரகக் கல் வெளியே வந்த கதை சின்னதுதான். இடுப்பில் வலி, ஊசி, ஸ்கேன், குடம் குடமாகத் தண்ணீர், கடைசியில் வடிகட்டியில் மிளகை விடச் சின்னதாக ஒன்று. பரிசோதனையில் கால்சியம் ஆக்ஸலேட் என்று வந்தது, அதாவது கால்சியமும் சில கீரைகளில் நிறைய இருக்கும் ஆக்ஸலேட்டும் சேர்ந்தது, கல் வருபவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான். எனக்கு இன்னும் ஆறாத கோபமெல்லாம் அதற்கப்புறம் நடந்ததில்தான்.

கிளினிக்கில் ஒரு தாளை நீட்டினார்கள். கால்சியம் கல், அதனால் பால், தயிர், சீஸ் வேண்டாம் என்று அதில் இருந்தது. சரியென்று டீயில் பாலை நிறுத்தினேன், சோற்றுக்குத் தயிர் இல்லை, மாஸ் என்கிற புளித்த பாலும் இல்லை. வீட்டில் வாரத்தில் பாதி நாள் கீரை சமைப்போம், காலையில் பச்சை ஜூஸ் வேறு. அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தபோது அடுத்த எரிச்சல். லேப் கவுண்டரில் கேனைக் கையில் கொடுத்து, "காலையில் ஆரம்பிங்க" என்று மட்டும் சொன்னார்கள். எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அப்புறம் போவதெல்லாவற்றையும் சேர்த்து, மறுநாள் அதே நேரத்துச் சிறுநீரோடு முடிக்க வேண்டும். சொல்லாததால் முதல் நாள் காலைச் சிறுநீரும் கேனுக்குள் போனது, அதாவது இரண்டு இரவுக் கணக்கு. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரே அளவில் போகும் கிரியேட்டினின் கூடுதலாக இருக்கிறது, செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். டாக்சி காசும் லீவும் போனதுதான் மிச்சம்.

மறுபடி ஒழுங்காகச் சேர்த்துக் கொடுத்ததில் ஆக்ஸலேட் 62 மில்லிகிராம். பொதுவாக 40, 45-க்குள் இருக்க வேண்டும். மொத்தச் சிறுநீரே 1.1 லிட்டர்தான், தென்னாப்பிரிக்காவின் டர்பன் வெயிலில் வியர்வையாகவே போய்விடுகிறது.

அப்போதுதான் ஒரு டயட்டீஷியனிடம் போனேன், விஷயம் தெரிந்தவர். முதல் கேள்வியே, "எந்தக் கீரை சாப்பிடுறீங்க?" ஸ்பினாச் என்றேன். சிரித்தார். இங்கே ஸ்பினாச் என்று கட்டிக் கட்டியாக விற்பது பெரும்பாலும் ஸ்விஸ் சார்ட், பீட்ரூட்டின் அதே இனம். அசல் ஸ்பினாச், சார்ட், பீட்ரூட் இலை மூன்றிலும் ஆக்ஸலேட் அதிகம். அசல் ஸ்பினாச் வேகவைத்து அரை கப் எடுத்தாலே சுமார் 750 மில்லிகிராம் இருக்கிறது, கல் உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கே 100-க்குள் வைக்கச் சொல்வது வழக்கம். நாம் ஹெர்ப்ஸ் என்று வாங்கும் தண்டுக்கீரையையும் அந்தப் பட்டியலிலேயே சேர்த்தார்.

பாலை நிறுத்தியது ஏன் தப்பு என்பதையும் அவர்தான் விளக்கினார். சாப்பாட்டில் கால்சியம் இருந்தால் ஆக்ஸலேட் குடலிலேயே அதைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். கால்சியம் இல்லையென்றால் ஆக்ஸலேட் தனியாக ரத்தத்துக்குள் ஏறி, சிறுநீரகத்தில் அங்கிருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும். 2002-ல் வெளிவந்த இத்தாலிய ஆய்வில், சிறுநீரில் கால்சியம் அதிகம் போகும் ஆண்களை ஐந்து வருடம் பார்த்தார்கள். கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்பியது. கால்சியத்தை வழக்கம்போல வைத்து, உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான்.

இதே பிடிப்புதான் இன்னொரு பக்கமும் கெடுக்கிறது. எலும்புக்கு நல்லது என்று ஸ்பினாச் தின்கிறோம், ஆனால் அதிலுள்ள கால்சியத்தில் சுமார் 5 சதவீதம்தான் உடம்பில் ஏறும், பாலில் கால் பங்குக்கு மேல் ஏறுகிறது. கேல், முட்டைக்கோஸ் இரண்டிலும் ஆக்ஸலேட் குறைவு, அதனால் இப்போது கீரைப் பொரியலுக்குக் கேல்தான். மாமியாருக்கு அதன் வாசனை பிடிக்கவில்லை, பூண்டு நிறையப் போட்டுச் சமாளிக்கிறேன்.

சார்ட்டை முழுக்க விடவில்லை. எப்போதாவது, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளிக்கிறேன். கரையும் ஆக்ஸலேட்டில் கணிசமானது அதோடு போகும், ஆவியில் வேகவைத்தால் அவ்வளவு போகாது. கூடவே அதே வேளையில் ஒரு கிண்ணம் தயிர். காலையில் கீரை, ராத்திரி பால் என்று பிரித்தால் பிரயோஜனம் இல்லை. பச்சை ஜூஸ் மட்டும் சுத்தமாக நின்றது, பச்சையாக அரைத்தால் ஒரு துளி ஆக்ஸலேட்டும் குறையாது.

அடுத்த பரிசோதனையில் ஆக்ஸலேட் 36, சிறுநீர் 2.3 லிட்டர். அந்த ரிப்போர்ட்டைக் கிளினிக்கில் காட்டிவிட்டுத்தான் வந்தேன், தாளை மாற்றுவார்களா என்பது வேறு விஷயம்.

உங்களுக்கு வந்தது யூரிக் ஆசிட் கல்லாக இருந்தால் இந்தக் கீரைக் கணக்கு பெரிதாக உதவாது, அதனால் கல்லை வடிகட்டிப் பிடித்துச் சோதிக்காமல் எதையும் நிறுத்தாதீர்கள். சளிக்கு என்று தினமும் ஆயிரம் மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை கரைத்துக் குடிப்பவர்கள் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள், அதில் ஒரு பகுதி உடம்பில் ஆக்ஸலேட்டாகத்தான் மாறுகிறது.