வாசலைச் சொல்ல ஒரு எண்: பிரிக்பீல்ட்ஸில் பின் குத்திய கதை

அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கூட்டிப்போக வரும் வேன், பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் அடுக்குமாடியின் பின்பக்கம் போய் நின்றுவிடும். அங்கே எப்போதும் பூட்டியே கிடக்கும் ஒரு கேட், அதை ஒட்டி லோங்காங். அம்மா சக்கர நாற்காலியில் முன்பக்க லாபியில் காத்திருப்பார். டிரைவர் பின்சந்திலிருந்து போன் போட்டு, "வந்துட்டேன், ஆளைக் காணோமே" என்பார். அவர் சுற்றி முன்னால் வருவதற்குள் மையத்தில் அம்மாவின் நேரம் போய்க்கொண்டிருக்கும்.

வேன் ஆபீசுக்குப் போன் செய்தால் ஒரே பதில்தான்: "சிஸ்டத்துல லொகேஷன் சரியாத்தான் இருக்கு அண்ணே." சரியாகத்தான் இருந்தது, கட்டடத்துக்கு, வாசலுக்கு இல்லை. கட்டடத்தின் பெயரைத் தட்டினால் வரும் குறி பெரும்பாலும் கட்டடத்தின் நடுவில் எங்காவது உட்கார்ந்திருக்கும். கார் போகும் வழியைக் கேட்டால், அந்தக் குறிக்கு எந்தச் சாலை பக்கமோ அதில் கொண்டுபோய் விடும். எங்கள் கட்டடத்தின் நடுவிலிருந்து பார்த்தால் முன்தெருவைவிடப் பின்சந்துதான் பக்கம். வாசல் எந்தப் பக்கம் என்று வரைபடத்துக்கு யாரும் சொல்லவில்லை.

நாமே வாசலின் எண்ணைக் கொடுத்தால் மாற்றித் தருவார்களாம். ஒரு படிவத்தின் இணைப்பு வந்தது. அதில் Latitude, Longitude என்று இரண்டு கட்டம், அவ்வளவுதான்.

எண்ணை எடுப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, இடத்தின் மேல் வலது கிளிக் செய்தால் மெனுவின் முதல் வரியிலேயே எண் இருக்கும். அதைத் தொட்டால் நகல் ஆகிவிடும். கைப்பேசியில் விரலை அழுத்திப் பிடித்தால் சிவப்புப் பின் விழும். ஆனால் கடைப் பெயரின் மேல் விரல் பட்டால் அந்தக் கடை திறந்துகொள்ளும், பின் விழாது. நன்றாகப் பெரிதாக்கி, வெறும் இடத்தில் அழுத்த வேண்டும்.

தம்பி மகன் உதவுகிறேன் என்று முகவரிப் பட்டையில் @ குறிக்குப் பின்னால் இருந்த எண்ணை எடுத்து அனுப்பினான். அது திரையின் நடுப்புள்ளி, பின் இருக்கும் இடம் அல்ல. வரைபடத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் அதுவும் மாறும். இப்படி எடுத்த எண்ணைப் பலர் நம்பி அனுப்புகிறார்கள், கவனம்.

பின்னை எங்கே குத்துவது என்பதில்தான் நிஜமான தலைவலி. செயற்கைக்கோள் படத்தில் உயரமான கட்டடங்கள் சாய்ந்து தெரியும். படம் நேர் மேலிருந்து எடுத்ததாக இருக்காது. அதனால் கூரை ஒரு பக்கம் தள்ளிப்போய், மறுபக்கத்துச் சுவர் மாடி மாடியாகத் தெரியும். எங்கள் கட்டடத்தின் கூரை முன்தெருப் பக்கம் சாய்ந்து, போர்ச்சையே மறைத்திருந்தது. கூரை ஓரத்தை வைத்துக் குத்தினால் பின் உண்மையில் வேறெங்கோ விழும். கட்டடம் உயர உயர இந்தப் பிழையும் கூடும்.

சரி, வாசலில் நின்றே பார்ப்போம் என்று கைப்பேசியோடு இறங்கினேன். நீலப் புள்ளி ஒரு நிமிடம் லாபிக்குள், அடுத்த நிமிடம் எதிர்க்கடையில். உயரமான சுவர்களுக்கு நடுவே ஜிபிஎஸ் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் இப்படித் தடுமாறும். புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் அகலமாகத் தெரிந்தால் எண் எடுக்காதீர்கள்.

கடைசியில் கைகொடுத்தது தரையோடு ஒட்டிக் கிடப்பவைதான். தெருவில் பூசிய வரிக்குதிரைக் கோடு சாயாது. பாதுகாவலர் கூண்டு ஒரு மாடிதான் என்பதால் அதிகம் சாயாது. தெருக்காட்சியில் பார்த்தபோது கோடு போர்ச்சுக்கு நேர் எதிரே, கூண்டு அதற்கு இடப்பக்கம். பிறகு மேலிருந்து எடுத்த படத்தில் அதே கோட்டையும் கூண்டையும் தேடி, போர்ச் தெருவைத் தொடும் இடத்தில் பின்னைக் குத்தினேன். கிடைத்த எண் (கடைசி இலக்கங்களை மாற்றித்தான் இங்கே எழுதுகிறேன்): 3.12874, 101.68461.

கதவின் மேல் குத்தாமல் போர்ச்சின் தெரு ஓரத்தில் குத்தியது வேண்டுமென்றேதான். வேன் நிற்க வேண்டிய இடம் அதுதானே. பின் தெருவை நெருங்க நெருங்க, வழி பின்சந்துக்குத் தாவும் வாய்ப்பும் குறையும்.

படிவத்துக்கு வந்தால் அங்கே இன்னொரு கூத்து. நகல் எடுத்த எண் இரண்டும் காற்புள்ளியோடு சேர்ந்தே வரும். அப்படியே ஒட்டினால் Invalid என்று சிவப்பு எழுத்து. இரண்டாகப் பிரித்து, காற்புள்ளியையும் இடைவெளியையும் அழித்தால்தான் ஏற்றுக்கொண்டது. இடம் மாற்றிப் போட்டுவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம்: கோலாலம்பூரில் 3 என்று தொடங்குவது அட்சரேகை, 101 தீர்க்கரேகை. அட்சரேகை 90-ஐத் தாண்டவே முடியாது.

மறுவாரமும் வேன் பின்சந்தில்! விசாரித்ததில், ஆபீசில் யாரோ "இவ்வளவு நீளமா எதுக்கு" என்று 3.128, 101.684 என்று வெட்டிப் பதிந்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தை எழுதினால் அச்சில் ஏற்ற முடியாது. பிரிக்பீல்ட்ஸ் முழுவதுக்குமே ஏறக்குறைய 3.12 அல்லது 3.13, 101.68 என்றுதான் வரும். வாசலைச் சொல்வது அதற்குப் பின்னால் உள்ள இலக்கங்கள். புள்ளிக்குப் பின் மூன்றாம் இலக்கத்தில் ஒன்று மாறினால் 111 மீட்டர், நான்காவதில் 11 மீட்டர், ஐந்தாவதில் ஒரு மீட்டர் சொச்சம். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இரண்டு எண்ணுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். அவர்கள் வெட்டி எறிந்த 74-ம் 61-ம் சேர்ந்து எங்கள் வாசலைத் தெற்கே 82 மீட்டர், மேற்கே 68 மீட்டர் தள்ளிவிட்டன. பின்சந்து சரியாக அந்தப் பக்கம்தான்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்பிய பிறகுதான் ஐந்து இலக்கமும் ஏறியது. அனுப்புவதற்கு முன் நீங்களே ஒருமுறை சோதித்துவிடுங்கள். புதிய ஜன்னலில் எண்ணை ஒட்டித் தேடி, கே.எல். சென்ட்ரலிலிருந்து காரில் வர Directions கேளுங்கள். நீலக் கோடு எந்தத் தெருவில் முடிகிறது என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். தவறான தெருவில் முடிந்தால், பின்னைச் சரியான தெருவை நோக்கிச் சில மீட்டர் நகர்த்தி மறுபடி பாருங்கள். அவர்கள் பதிந்த பிறகும், "உங்க திரையில இருக்கிறதைப் படம் பிடிச்சு அனுப்புங்க" என்று கேட்டு வாங்கிவிட வேண்டும். சும்மா "மாத்தியாச்சு" என்ற வார்த்தையை நம்பாதீர்கள்.

வழக்கமான டிரைவர் இப்போது நேராகப் போர்ச்சில் வந்து நிற்கிறார். மாற்று டிரைவர் வரும் நாள்தான் இன்னும் தொல்லை. சிலர் சிஸ்டத்தைப் பார்க்காமல் கட்டடப் பெயரைத் தட்டிக்கொண்டு பழைய சந்துக்கே போகிறார்கள். அதனால் வேன் கிளம்பிவிட்டது என்று செய்தி வந்ததும் இந்த வரியை அவருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறேன். உங்கள் எண்ணைப் போட்டு நீங்களும் வைத்துக்கொள்ளலாம்:

```
https://www.google.com/maps/search/?api=1&query=3.12874,101.68461
```

காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடாதீர்கள். விட்டால் இணைப்பு பாதியில் அறுந்து, டிரைவர் மறுபடி எனக்குத்தான் போன் செய்வார்.