செல்வமகள் கணக்கிலிருந்து கல்லூரிக் கட்டணம் எடுத்தபோது தெரிந்துகொண்டவை

செல்வமகள் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் பெற்றோர் பலர், பெண்ணுக்கு 21 வயதானால் பணம் கைக்கு வந்துவிடும் என்றே நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கணக்கு தொடங்கிய நாளிலிருந்து 21 ஆண்டு முடிந்தால்தான் முதிர்வு. என் மகள் பிறந்தது 2006 ஜூன். திட்டம் அறிமுகமான 2015 ஜனவரிக்கு இரண்டு மாதம் கழித்து, அவளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது, எங்கள் ஊர் தபால் ஆபீஸில் கணக்கு தொடங்கினோம். பத்து வயது ஆவதற்குள் தொடங்கிவிட வேண்டும் என்பது விதி. ஆக, எங்கள் கணக்கு முதிர்வது 2036 மார்ச்சில். அப்போது அவளுக்கு 29 வயது நடந்துகொண்டிருக்கும். கல்லூரிச் செலவுக்கு முதிர்வுத் தொகை உதவாது என்பது முதலிலேயே தெளிவு. இடையில் படிப்புக்காக எடுக்க அனுமதி உண்டே, அதைத்தான் நம்பியிருந்தோம்.

கட்டும் விஷயம் சுலபம்தான். ஒரு நிதியாண்டில் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். நாங்கள் தொடங்கியபோது குறைந்தபட்சம் 1,000 ஆக இருந்தது, 2018-இல் குறைத்தார்கள். மாதாமாதம் கட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு வருடம் முழுக்கக் கட்டாமல் விட்டால், அந்த வருடத்துக்கான 250-உடன் 50 ரூபாய் அபராதம் சேர்த்துக் கட்டிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளலாம். நாங்கள் மாதம் 3,000 என்று வைத்துக்கொண்டோம். அதையும் ஐந்தாம் தேதிக்குள் போட்டுவிடுவோம். ஐந்தாம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கில் இருந்த குறைந்தபட்சத் தொகைக்குத்தான் அந்த மாத வட்டி. ஆறாம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாதம் ஒன்றும் கிடையாது.

வட்டி விகிதத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு அறிவிக்கும். 2015-16-இல் 9.2 சதவீதம் இருந்தது. 2020 ஏப்ரலில் 7.6-க்கு இறங்கி மூன்று வருடம் அங்கேயே நின்றது. 2024 ஜனவரியில் 8.2 ஆனது. இந்த ஏற்ற இறக்கம் எல்லாம் போக, 2024 மார்ச் 31 அன்று எங்கள் பாஸ்புக்கில் இருப்பு சுமார் 4 லட்சத்து 70 ஆயிரம். அதில் நாங்கள் கட்டியது 3 லட்சத்து 25 ஆயிரம், மீதி வட்டி.

அந்த மார்ச் 31 இருப்புதான் முக்கியம். படிப்புக்காக எடுக்கும்போது, விண்ணப்பிக்கும் வருடத்துக்கு முந்தைய நிதியாண்டின் முடிவில் இருந்த தொகையில் பாதி வரைதான் எடுக்கலாம். எங்களுக்கு அது 2 லட்சத்து 35 ஆயிரம். ஏப்ரலுக்குப் பிறகு போட்ட பணம் இந்தப் பாதியைக் கணக்கிடும்போது சேராது. "மார்ச் முடியறதுக்குள்ள ஒன்றரை லட்சம் ஆகிற மாதிரி போட்டு வையுங்க, நிறைய எடுக்கலாம்" என்று ஒரு நண்பர் முன்பே சொல்லியிருந்தார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் விடை வேறு மாதிரி வந்தது. அந்த வருடம் நாங்கள் கட்டிய 36,000 போக இன்னும் 1,14,000 போடலாம். போட்டிருந்தால் எடுக்கக்கூடிய தொகை 57,000 கூடியிருக்கும், உண்மைதான். ஆனால் மற்ற 57,000 கணக்குக்குள் மாட்டிக்கொள்ளும். சில மாதத்தில் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணத்தை உள்ளே போட்டுவிட்டு அதில் பாதியை மட்டும் வெளியே எடுப்பதில் எங்களுக்கு என்ன லாபம்? வங்கியிலேயே வைத்திருந்தோம்.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி அல்லது 18 வயது, இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போதிருந்தே எடுக்கலாம். பத்தாவது முடித்து பாலிடெக்னிக் போகும் பெண்ணுக்கும் இது பொருந்தும். அந்த வயதில் பெற்றோரே கையெழுத்துப் போட்டு விண்ணப்பிக்கலாம். எங்கள் மகளுக்கு 2024 ஜூனில் 18 முடிந்துவிட்டது, பொறியியல் கலந்தாய்வு அதற்குப் பிறகுதான். 18 ஆகிவிட்டால் கணக்கை நடத்த வேண்டியவள் அவள்தான், நம் கையெழுத்து செல்லாது. அவளுடைய ஆதார், பான், புகைப்படம், மாதிரிக் கையெழுத்து எல்லாம் கொடுத்துக் கணக்கை அவள் பேருக்குச் செயல்பட வைத்த பிறகுதான் பணம் எடுக்கும் படிவத்தையே வாங்குவார்கள்.

இதைக் கலந்தாய்வு தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். ஒதுக்கீட்டு ஆணை வந்தால் கட்டணம் கட்டிச் சேரச் சில நாள்தான் அவகாசம். எங்களுக்கு இடையில் ஒரு சிக்கல் வந்தது. பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். நமக்கு இரண்டும் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். கவுன்ட்டரில் இருந்த அம்மா பொறுமையாகப் பார்த்துவிட்டு, "பெயர் திருத்தத்துக்குத் தனியா எழுதிக் கொடுங்க, பிறப்புச் சான்றிதழ் நகல் வையுங்க. பொண்ணு நேர்ல வரணும்மா" என்றார். திருத்தம் முடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. ஆகஸ்டில் இது நடந்திருந்தால் வெளியே கடன்தான் வாங்கியிருக்க வேண்டும்.

விண்ணப்பத்துடன் வைக்க வேண்டியது சேர்க்கைக்கான உறுதி ஆணை, அல்லது கல்லூரி தரும் கட்டண விவரச் சீட்டு. நாங்கள் இரண்டையும் வைத்தோம். பாதி இருப்பு என்பது மேல்வரம்பு மட்டுமே. சேர்க்கையின்போது கல்லூரி கேட்கும் கட்டணம் எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். கல்விக் கட்டணம், விடுதி, இதர கட்டணங்கள் என்று எங்கள் சீட்டில் மொத்தம் 1,35,000. அதனால் 2,35,000 தகுதி இருந்தும் கிடைத்தது 1,35,000. லேப்டாப், துணிமணி, பஸ் செலவு எதுவும் சேராது. அதனால் சீட்டு வாங்கும்போது விடுதிக் கட்டணத்தைத் தனியாகச் சொல்லிவிட்டுப் பிறகு பில் தருகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கல்லூரி முத்திரையுடன் ஒரே தாளில் எல்லாத் தலைப்பும் வரும்படி கேட்டு வாங்குங்கள்.

பணத்தை ரொக்கமாகத் தரவில்லை, மகள் பெயரில் இருந்த அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் வரவு வைத்தார்கள். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் அதையும் முன்கூட்டியே தொடங்கிக்கொள்வது நல்லது. இந்தத் தொகைக்கு வருமான வரி கிடையாது.

ஒரே தடவையில் எடுக்காமல், வருடத்துக்கு ஒருமுறை என்று அதிகபட்சம் ஐந்து வருடம் தவணையாகவும் எடுக்கலாம், அந்தப் பாதி வரம்புக்குள். இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு மிச்சமிருக்கும் ஒரு லட்சத்தைப் பயன்படுத்துவதாக இருக்கிறோம். அதற்கும் அந்த வருடத்துக் கட்டணச் சீட்டு வேண்டும். மூன்றாம், நான்காம் ஆண்டுக்கு வேறு வழிதான்.

எடுத்த பிறகும் கணக்கு நடக்கிறது. தொடங்கியதிலிருந்து 15 வருடம், அதாவது 2030 மார்ச் வரை கட்டலாம். அதற்குப் பின் ஆறு வருடம் கட்டாமலே வட்டி ஏறும். இடையில் திருமணம் நிச்சயமானால், 18 வயது கடந்ததற்கான சான்றும் முத்திரைத் தாளில் உறுதிமொழியும் கொடுத்து, திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்து மூன்று மாதம் பின்பு வரைக்குள் கணக்கை முடித்துக்கொள்ளலாம். "கல்யாணம் இல்லன்னா 29 வயசு வரைக்கும் காத்திருக்கணுமா?" என்று மகள் கேட்டாள். ஆமாம் என்றேன். மாதம் 3,000 என்பதை இப்போது 1,000 ஆகக் குறைத்துவிட்டோம். மீதி இரண்டாயிரத்தை வேண்டும்போது எடுக்கிற மாதிரி வேறு இடத்தில் போடுகிறோம்.