இரண்டு டின் என்று எழுதியிருந்தேன், கணக்கில் அது ஆறைத் தாண்டியது

ரத்தப் பரிசோதனையில் ஈரல் சம்பந்தமான ஓர் அளவு கூடுதலாக வந்ததால், மருத்துவர் என்னிடம் ஒரு கேள்வித்தாளை நிரப்பச் சொன்னார். மதுப் பழக்கத்தைப் பற்றி விசாரிக்கும், ஆடிட் என்று அழைக்கப்படும் பத்துக் கேள்விகள் கொண்ட தாள் அது. இரண்டாவது கேள்வி, குடிக்கும் நாளில் வழக்கமாக எத்தனை டிரிங்க் என்பது. 'ஒன்று அல்லது இரண்டு' என்பதில் டிக் செய்தேன். மூன்றாவது, ஒரே தடவையில் ஆறு அல்லது அதற்கு மேல் குடிப்பது எவ்வளவு அடிக்கடி என்பது. 'ஒருபோதும் இல்லை' என்று குறித்தேன். மனசாட்சிப்படிதான் எழுதினேன். எதையும் மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

தாளை வாங்கிப் பார்த்த நர்ஸ், "இரண்டுன்னா எது சார் இரண்டு? பாட்டிலா, கிளாஸா?" என்று கேட்டார். பதில் சொல்ல ஆரம்பித்தபோதுதான் குழப்பம் புரிந்தது. பீர் என்றால் டின்னை எண்ணியிருந்தேன், ஒயின் என்றால் கிளாஸை, விஸ்கி என்றால் பெக்கை. மூன்றையும் ஒரே 'ஒன்று' என்று நினைத்துக் கூட்டியிருக்கிறேன்.

அந்தத் தாள் கேட்பது ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்று அவர் விளக்கினார். பாத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உள்ளே இருக்கும் சுத்த ஆல்கஹாலின் எடைதான் கணக்கு. ஆடிட்டைத் தயாரித்த உலக சுகாதார அமைப்பு 10 கிராமை ஒரு டிரிங்க்காக வைத்துக்கொள்கிறது. அது ஓர் அளவுகோல் மட்டும்தான், 'இவ்வளவு குடிக்கலாம்' என்ற அனுமதி இல்லை என்பதையும் அழுத்திச் சொன்னார். ஒரு வாரம் குடிப்பதையெல்லாம் மில்லிலிட்டரும் சதவீதமும் போட்டு எழுதி வரச் சொல்லி அனுப்பினார்.

கணக்கு சுலபம்தான். லேபிளில் உள்ள மில்லிலிட்டரைச் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் சுத்த ஆல்கஹால் எத்தனை மில்லி என்று வரும். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது, ஒரு மில்லியின் எடை 0.789 கிராம்தான். அதனால் வந்த விடையை 0.789-ஆல் பெருக்கினால் கிராம் கிடைக்கும். அதைப் பத்தால் வகுத்தால் எத்தனை டிரிங்க் என்று தெரிந்துவிடும். மனக்கணக்குக்கு 0.8 என்று வைத்துக்கொண்டாலும் பெரிய வித்தியாசம் வராது.

திங்கட்கிழமை ஒரு டின் பீர். 500 மில்லி, ஸ்ட்ராங் வகை, 8 சதவீதம். பெருக்கி வகுத்தால் 40 மில்லி சுத்த ஆல்கஹால், 31.6 கிராம். அந்த ஒரு டின் 3.2 டிரிங்க். மறுபடி போட்டுப் பார்த்தேன், அதே விடை. சனிக்கிழமை வேறு பீர், 330 மில்லி, 5 சதவீதம், இரண்டு பாட்டில். இரண்டும் சேர்ந்து 26 கிராம், அதாவது 2.6. இரண்டு பாட்டில் குடித்த நாளைவிட ஒரு டின் குடித்த நாளில் அதிகம் உள்ளே போயிருக்கிறது! என் பழைய கணக்கில் திங்கள் ஒன்று, சனி இரண்டு. டின்னின் அளவும் கூடி, சதவீதமும் கூடும்போது, இரண்டும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்கின்றன. கண்ணுக்குத் தெரிவது அளவு மட்டும்தான். சதவீதம் லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

லேபிள் இருந்தால் இந்த அளவுக்காவது கணக்குப் போடலாம். நாமே கிளாஸில் ஊற்றிக்கொள்ளும்போது அதுவும் கிடையாது. புதன்கிழமை ஒயின், இரண்டு கிளாஸ். ஒரு கிளாஸ் எவ்வளவு பிடிக்கும் என்று யோசித்ததே இல்லை. நர்ஸ் சொன்னபடி, வழக்கமாக ஒயின் ஊற்றும் மட்டம் வரை கிளாஸில் தண்ணீர் ஊற்றி, அதைச் சமையலறை அளவுக் குவளையில் கொட்டிப் பார்த்தேன். 210 மில்லி. ஒயினின் பலம் 13.5 சதவீதம். இரண்டு கிளாஸுக்கு 44.7 கிராம், கிட்டத்தட்ட 4.5 டிரிங்க். அகலமான கிளாஸில் பாதிகூட நிறையாதது போலத்தான் தெரியும், அதுதான் ஏமாற்றுகிறது. காலியாகும் முன்பே மேலே கொஞ்சம் சேர்த்து ஊற்றும் பழக்கம் இருந்தால் கிளாஸ் எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லை. அப்படிப்பட்டவர்கள் பாட்டிலில் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பதே சரியான வழி. முதலில் ஒரு கோடு போட்டு வைத்தால் போதும்.

வெள்ளிக்கிழமை விஸ்கி, இரண்டு பெக். 30 மில்லி ஊற்றுவதாகத்தான் நினைத்திருந்தேன். தண்ணீரை வைத்து அளந்தால் 55 மில்லி வந்தது. 40 சதவீத விஸ்கியில் 30 மில்லி ஊற்றினால் 9.5 கிராம், ஏறக்குறைய ஒரு டிரிங்க். நான் ஊற்றியதோ இரண்டும் சேர்ந்து 34.7 கிராம். ஐஸ் போட்ட பிறகு அளக்கக் கூடாது. ஐஸும் சோடாவும் கிளாஸை நிரப்புமே தவிர ஆல்கஹாலைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது.

வாரக் கடைசியில் கூட்டினேன். பழைய முறையில் ஏழு. கிராமில் 137, அதாவது 13.7 டிரிங்க். ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இதைச் சரிபார்க்கலாம் என்று போனில் ஒரு செயலியை இறக்கினேன். அதே நான்கு நாட்களைப் பதிவு செய்தபோது 9.8 என்று காட்டியது. எங்கோ தவறு செய்துவிட்டேன் என்று ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கணக்கில் தவறு இல்லை. அந்தச் செயலி அமெரிக்க முறையில் 14 கிராமை ஒரு டிரிங்க்காக எடுத்துக்கொள்கிறது. பிரிட்டனில் யூனிட் என்று சொல்வது 8 கிராம், அந்தக் கணக்கில் என் வாரம் 17 யூனிட்டுக்குச் சற்று மேல். ஆஸ்திரேலியாவில் 10 கிராம். ஒரே வாரம், மூன்று எண்கள். அதனால் 'வாரத்துக்கு இத்தனை' என்று எங்கே படித்தாலும் எத்தனை கிராமை ஒன்று என்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். நோட்டில் நான் கிராமாகவே எழுதிக்கொள்கிறேன், அதை எந்த முறைக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. வீட்டிலேயே காய்ச்சியது, வேறொருவர் கலந்து கொடுத்த காக்டெயில் போன்றவற்றில் சதவீதம் தெரியாது. அந்த இடத்தில் ஒரு எண்ணைக் கற்பனையாகப் போடாமல் 'அளவு தெரியாது' என்றே எழுதுங்கள் என்றார் நர்ஸ்.

நோட்டோடு மறுபடி போனபோது, கேள்வித்தாளைப் புதிதாக நிரப்பினேன். 13.7-ஐ நான்கு நாட்களால் வகுத்தால் 3.4. இரண்டாவது கேள்விக்கான பதில் 'மூன்று அல்லது நான்கு' என்று மாறியது. மூன்றாவது கேள்வியில்தான் பேனா நின்றது. ஸ்ட்ராங் பீர் இரண்டு டின் குடித்த மாலைகள் மாதத்துக்கு ஒன்றாவது இருந்திருக்கின்றன. இரண்டு டின் என்றால் 63 கிராம், 6.3 டிரிங்க். 'ஒருபோதும் இல்லை' என்பதை அடித்துவிட்டு 'மாதம் ஒருமுறை' என்று குறித்துக் கொடுத்தேன். மருத்துவர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த அடித்தல் திருத்தலில் இருந்துதான் பேச ஆரம்பித்தார்.